உப பிரதான வடத்தின் பருமனைக் கணித்தல்

ஒரு கட்டடத்தின் பிரதான ஆளிப்பலகையிலிருந்து புறப்பட்டு, தூரத்தேயுள்ள வேறொரு பகிர்வுப் பலகைக்கு மின்னைக் கொண்டுசெல்லும் வடம் உப பிரதான வடம் எனப்படும். இதன் செப்புக் கடத்தி எத்துணைப் பருமன் உடையதாயிருத்தல் வேண்டும் என்பதே ஈண்டு நாம் ஆராய எடுத்துக்கொண்ட பொருள். பருமனை உறுதி செய்தற்கு வடம் மூன்று வினாக்களுக்கு விடையிறுத்தல் வேண்டும். நாள்தோறும் செல்லும் மின்னோட்டத்தை மிகையாகச் சூடேறாது தாங்குமா? மறுமுனையிற் போதிய அழுத்தத்தைக் கொடுக்குமா? குறுஞ்சுற்று நேருங்கால், மின் துண்டிக்கப்படும்வரை கேடுறாது நிற்குமா? இம்மூன்றும் மூன்று பருமன்களை வேண்டிநிற்றல் கூடும். அவற்றுட் பெரியதையே நாம் கொள்ளல் வேண்டும்.

கணிப்பின்பொருட்டு ஓர் எடுத்துக்காட்டை வகுத்துக்கொள்வோம். ஆய்வுகூடக் கட்டடமொன்றுக்கு 400 வோல்ற்று மூவவத்தை மின் வேண்டப்படுகின்றது. அதன் உச்சச் சுமை 45 கிலோவாற்று, வலுக்காரணி 0.85. வடத்தின் நீளம் 85 மீற்றர். செம்புக் கடத்தியும் எக்ஸ்.எல்.பி.ஈ. காவலுறையும் உருக்குக்கம்பிக் கவசமும் உடைய நான்கிழை வடம் அது. கூரைக்கு அண்மையில், 40 பாகை வெப்பமுள்ள இடத்தில், துளையிட்ட தட்டொன்றின்மேல் இன்னொரு சுமைவடத்தை ஒட்டிச் செல்கின்றது. இலங்கையில் மின்னிணைப்பு வேலைக்குப் பெரிதும் கைக்கொள்ளப்படும் பி.எஸ். 7671 என்னும் விதித்தொகுதியின் அட்டவணைகளையே நாமும் பயன்படுத்துவோம்.

முதலாவது: மின்னோட்டத் தகைமை

45,000 வாற்றை 1.732, 400, 0.85 ஆகியவற்றின் பெருக்கத்தால் வகுக்க, ஏறத்தாழ 76 அம்பியர் வருகின்றது. இதற்கு மேலுள்ள பொருத்தமான சுற்றுடைப்பான் 100 அம்பியர் உடையது. இனி வடம் தாங்கவேண்டியது 76 அன்று, 100 ஆகும். சுமை பின்னர் கூடினும் சுற்றுடைப்பான் 100 அம்பியர் வரை வாளாவிருக்கும் ஆதலின், அதுவரை வடத்தைக் காப்பார் பிறரிலர்.

அட்டவணையிற் காணும் தகைமைகள் 30 பாகைக் காற்றில் தனித்துக் கிடக்கும் வடத்துக்கு உரியன. நமது வடமோ வெப்பமான இடத்தில், துணையொன்றோடு கிடக்கின்றது. 40 பாகைக்குரிய திருத்தக் காரணி 0.91, இரு வடங்கள் ஒட்டியிருத்தற்குரியது 0.88. இவ்விரண்டின் பெருக்கம் ஏறத்தாழ 0.80. ஆகவே 100 ஐ 0.80 ஆல் வகுக்க, அட்டவணையில் நாம் தேடவேண்டியது 125 அம்பியர் என்பது பெறப்படும். 25 சதுர மில்லிமீற்றர் வடத்துக்கு 131 அம்பியர் குறிக்கப்பட்டுள்ளது. முதல் வினாவுக்கு 25 போதும்.

இரண்டாவது: அழுத்த வீழ்ச்சி

பொது வழங்கலிலிருந்து மின் பெறும் கட்டடத்தில், தொடக்கத்திலிருந்து விளக்கு வரை நூற்றுக்கு 3 பங்கும், ஏனைய கருவிகள் வரை நூற்றுக்கு 5 பங்கும் அழுத்தம் வீழலாம் என்பது அவ்விதித்தொகுதி கூறும் அளவு. இவ்வளவு உப பிரதான வடத்துக்கு மட்டும் உரியதன்று. பகிர்வுப் பலகைக்கு அப்பால் விளக்குவரை ஓடும் கம்பிகளுக்கும் இதிற் பங்குண்டு. மூன்று பங்கையும் உப பிரதான வடமே உண்டுவிட்டால் எஞ்சுவது யாதுமில்லை. ஆகவே அதற்கு நாம் 2 பங்கை, அஃதாவது 8 வோல்ற்றை ஒதுக்குவோம்.

25 சதுர மில்லிமீற்றர் வடம் ஓர் அம்பியருக்கு ஒரு மீற்றரில் 1.65 மில்லிவோல்ற்றை இழக்கும். இங்கே நாம் கொள்வது உண்மையான சுமையோட்டமாகிய 76 அம்பியரையே. 1.65, 76, 85 ஆகியவற்றைப் பெருக்கி 1,000 ஆல் வகுக்க 10.7 வோல்ற்று வரும். இது 8 ஐ மீறியது. அடுத்த பருமனாகிய 35 இற்கு 1.15 மில்லிவோல்ற்று, அதன்படி வீழ்ச்சி 7.4 வோல்ற்று. ஆகவே இரண்டாம் வினா 35 ஐ வேண்டுகின்றது.

இம்மாற்றத்தால் வேறொரு நன்மையும் விளைகின்றது. எக்ஸ்.எல்.பி.ஈ. காவலுறை 90 பாகைவரை தாங்கும். ஆயின் வடம் சென்று பொருந்தும் சுற்றுடைப்பானின் முனைகள் பெரும்பாலும் 70 பாகைக்கே உரியன. 35 சதுர மில்லிமீற்றர் வடத்தின் தகைமை 162 அம்பியர். திருத்திய பின்னர் ஏறத்தாழ 130. வெப்ப ஏற்றம் மின்னோட்டத்தின் வர்க்கத்துக்கு விகிதசமமாதலின், 100 அம்பியர் செல்லுங்கால் கடத்தி ஏறத்தாழ 70 பாகையை மட்டுமே அடையும். 25 ஐ இட்டிருந்தால் அது 85 பாகையைத் தாண்டும். வடம் பழுதின்றி இருக்க, முனையிலுள்ள காவலுறை மட்டும் நிறம் மாறி இறுகிக் காணப்படுமாயின் இக்காரணத்தை ஐயுறுதல் தகும். திருகாணி தளர்ந்திருப்பினும் அத்தகைய அடையாளம் தோன்றுமாதலின், முதலில் அதனைச் சோதித்தல் வேண்டும்.

மூன்றாவது: குறுஞ்சுற்றைத் தாங்குதல்

குறுஞ்சுற்றின்போது பாயும் பேரோட்டம் மிகச் சிறிது நேரமே நிலைப்பதால், வெப்பம் வெளியேற இடமின்றிச் செம்பிலேயே தங்கிவிடுகின்றது. 90 பாகையிலிருந்து 250 பாகைக்குள் கடத்தியை நிறுத்தவேண்டும் என்பது இக்காவலுறைக்குரிய எல்லை. அதற்கான சூத்திரம் வருமாறு:

S = √(I² × t) ÷ k

இங்கு S பருமன், I குறுஞ்சுற்றோட்டம், t அது துண்டிக்கப்படும் நேரம், செக்கனில், k இவ்வடத்துக்கு 143. பிரதான பலகையில் குறுஞ்சுற்றோட்டம் 10,000 அம்பியர் எனக் கொள்வோம். வடத்தின் தொடக்கத்திற் குறுஞ்சுற்று நேரின் ஓட்டம் உச்சமாயிருக்கும் ஆதலின் அவ்விடத்தையே கணித்தல் வேண்டும்.

சுற்றுடைப்பான் உடனே துண்டிக்கும் வகையினதாயின் நேரம் 0.1 செக்கனிலும் குறைவு. அத்துணைக் குறுகிய நேரத்துக்கு மேற்கூறிய சூத்திரத்தில் நேரத்தை இடாது, சுற்றுடைப்பானை ஆக்கியோர் தரும் I²t பெறுமானத்தை வடத்தின் k²S² உடன் ஒப்பிடல் வேண்டும். 35 இற்கு k²S² ஏறத்தாழ 2 கோடியே 50 இலட்சம். ஆக்கியோர் தரும் எண் அதனிலும் சிறியதாயின் வடம் தப்பும். 100 அம்பியர்ச் சுற்றுடைப்பானுக்கு அது பெரும்பாலும் மிகச் சிறியதே.

ஆயின், கீழ்ப்பலகையிலுள்ள சுற்றுடைப்பான் முந்தித் துண்டிக்கவேண்டும் என எண்ணி, மேலுள்ளதற்கு 0.3 செக்கன் தாமதம் வைப்பாரும் உளர். அப்போது 10,000 இன் வர்க்கத்தை 0.3 ஆற் பெருக்கி வர்க்கமூலம் காண 5,477; அதனை 143 ஆல் வகுக்க 38.3. முதலிரு வினாக்களிலும் வென்ற 35 இங்கே தோற்றுவிட்டது. 50 சதுர மில்லிமீற்றர் வடமே வேண்டும். அன்றேல் தாமதத்தைக் குறைத்தல் வேண்டும். 35 தாங்கக்கூடிய நேரம் 0.25 செக்கன் மட்டுமே.

மறுமுனையையும் மறத்தலாகாது. 85 மீற்றருக்கு அப்பால் ஓர் அவத்தைக்கும் நொதுமலுக்கும் இடையே குறுஞ்சுற்று நேரின், சூடேறிய கடத்திகளின் தடையையும் சேர்த்துக் கணிக்க ஓட்டம் ஏறத்தாழ 1,700 அம்பியரே வரும். சுற்றுடைப்பானின் காந்தப் பகுதி 1,000 அம்பியரில் இயங்க அமைக்கப்பட்டிருப்பின் குறையில்லை. வடம் இன்னும் நீண்டு, அமைப்பும் உயர்த்தப்பட்டிருப்பின், மெதுவாக இயங்கும் வெப்பப் பகுதியையே நம்பவேண்டி வரும். புவித்தொடுப்புக் கடத்திக்கு உரிய கணிப்பு வேறாதலின் அதனை ஈண்டு விரித்திலேம்.

தொகுத்து நோக்கின், உடனே துண்டிக்கும் சுற்றுடைப்பானோடு 35 உம், 0.3 செக்கன் தாமதமுடையதோடு 50 உம் கொள்ளத்தக்கன. ஒருமுறை சரியாய்க் கணித்த வடமும் பின்னர் எவரேனும் சுற்றுடைப்பானை மாற்றியதும் பிழையானதாகிவிடலாம். ஆதலின் பருமனை எழுதும் தாளிலேயே சுற்றுடைப்பானின் வகையையும் அதன் தாமதத்தையும் எழுதி, பலகையின் கதவின் உட்புறத்தில் ஒட்டிவைத்தல் முறையாகும்.