'பட்டாசு நிபுணர்' என்று மட்டும் போட்டால் போதுமா?

சாத்தூர், வெம்பக்கோட்டைப் பக்கம் ஆலையில் வெடிவிபத்து என்றால், அன்றிரவே தொலைக்காட்சி விவாதத்துக்கு ஆள் தேடிச் சென்னையிலிருந்து போன் வரும். தேடுகிறவர் கையில் இருப்பது நிபுணரைப் பற்றிய நாலு வரிக் குறிப்பு. அதை நம்பித்தான் கேள்விகளும் தயாராகும்.

'பட்டாசு நிபுணர்' என்றால் எல்லாம் அடங்கிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். அடங்காது. மருந்து ஏன் தீப்பற்றியது என்பது வேதியியல். ஆலைக்கு யார் உரிமம் கொடுத்தது என்பது வேறு விஷயம். நாக்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட மத்திய வெடிபொருள் பாதுகாப்புத் துறை தருவது ஒரு வகை உரிமம். மாவட்ட நிர்வாகம் தருவதை ஊரில் 'டி.ஆர்.ஓ. லைசென்ஸ்' என்பார்கள். வேதியியல் படித்தவரிடம் உரிமத்தைப் பற்றிக் கேட்டால் அவரும் மரியாதைக்கு ஏதாவது சொல்லிவைப்பார். மறுநாள் பேப்பரில் தவறான அலுவலகத்தின் தலை உருளும்.

பட்டங்களை அடுக்கினால் மதிப்பு கூடும் என்பது இன்னொரு நம்பிக்கை. திரையில் பெயருக்குக் கீழே ஒரே ஒரு வரிக்குத்தான் இடம். எது அங்கே வர வேண்டும் என்று குறிப்பை எழுதும் நாமே முடிவு செய்யாவிட்டால், அவசரத்தில் இருக்கும் யாரோ ஒருவர் முடிவு செய்வார்.

கற்பனையாக, ஓய்வுபெற்ற ஒரு பேராசிரியருக்கு இப்படி எழுதலாம்: "வேதியியல் பேராசிரியர் (ஓய்வு). பட்டாசு மருந்துக் கலவைகள் உராய்விலும் ஈரத்திலும் எப்படிச் சூடேறித் தீப்பற்றுகின்றன, பச்சை நிறத்துக்குப் பேரியம் ஏன் சேர்க்கப்படுகிறது என்பவற்றை விளக்குவார். உரிமம், வழக்கு, இழப்பீடு பற்றிப் பேசுவதில்லை. நெருங்கிய உறவினர் பட்டாசு ஆலை நடத்துகிறார். விருதுநகரில் வசிக்கிறார், தமிழிலும் ஆங்கிலத்திலும் பேசுவார்."

இதில் 'பேசுவதில்லை' என்ற வரிக்குத்தான் பயன் அதிகம். 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் பேரியம் உப்புகளுக்கும் சரவெடிக்கும் தடை விதித்து, பசுமைப் பட்டாசை அனுமதித்தது. பேரியம் இல்லாமல் பச்சை நிறம் கொண்டுவருவது எவ்வளவு சிரமம் என்று நம் பேராசிரியர் சொல்லலாம். தீர்ப்பு சரியா என்று கேட்டால், அது வழக்கறிஞருக்கான கேள்வி என்று தொகுப்பாளருக்குக் குறிப்பே சொல்லிவிடும்.

உறவினரின் ஆலையைப் பற்றி எழுதினால் யாரும் கூப்பிடமாட்டார்கள் என்று சிலர் அஞ்சுவார்கள். சிவகாசி வட்டாரத்தில் இந்தத் தொழிலோடு எந்த உறவும் இல்லாத குடும்பத்தைத் தேடிப் பிடிப்பதே கடினம். முன்கூட்டியே சொன்னால் அது ஒரு தகவல். நேரலையில் எதிரே இருப்பவர் போட்டு உடைத்தால், அதுவரை சொன்ன வேதியியலும் சேர்ந்து அடிபடும்.

ஒருமுறை எழுதினால் காலத்துக்கும் ஆகும் என்பதும் பொய். உற்பத்தியாளர் சங்கத்தின் ஆலோசகராக இருந்தவர் விலகிய பிறகும் பழைய குறிப்பே சுற்றிக்கொண்டிருந்தால், அவர் சொந்தமாகச் சொல்வதெல்லாம் சங்கத்தின் கருத்தாகவே அச்சாகும். குறிப்பின் அடியில் எழுதிய மாதத்தையும் ஆண்டையும் போட்டுவிட்டால், பழசு என்று பார்த்ததுமே தெரியும்.