ஓ.டி. கணக்கில் லீவை இருமுறை எண்ணாதீர்கள்

பெரியநாயக்கன்பாளையத்தில், நூற்பு இயந்திர உதிரிபாகங்களைக் கடைந்து தரும் ஒரு ஜாப் ஒர்க் பட்டறையில் கணக்குப் பார்க்கிறேன். மொத்தம் முப்பது பேர். ஒவ்வொரு டிசம்பரிலும் ஜனவரி–மார்ச் ஓ.டி.க்கு எவ்வளவு பணம் ஒதுக்குவது என்று முதலாளிக்கு எழுதித் தர வேண்டும்.

முதல் தடவை தவறு செய்தேன். முந்தைய வருஷம் அதே மூன்று மாதத்தில் ஆன ஓ.டி. மணிகளை எடுத்து, அதன்மேல் வரப்போகும் லீவு மணிகளையும் கூட்டிவிட்டேன். அந்த ஓ.டி. மணிகளுக்குள்ளேயே பொங்கல் லீவுக்கு ஈடாக ஓட்டிய ஓ.டி. இருந்தது. ஒரே லீவை இரண்டு முறை எண்ணியிருந்தேன்.

அதிலிருந்து ஓ.டி. சீட்டு ஒவ்வொன்றையும் காரணம் பார்த்துப் பிரிக்கிறேன். போன வருஷம் ஜனவரி–மார்ச்சில் ஆன 900 மணியில் ஆள் வராததால் 420, ஆர்டர் அவசரத்தால் 360, மெஷின் பழுதாலும் மறுவேலையாலும் 120. சீட்டில் காரணம் எழுதாத சூப்பர்வைசரிடம் அன்றே கேட்டுவிட வேண்டும். ஒரு மாதம் போனால் யாருக்கும் நினைவிருக்காது.

அடுத்து லீவு. டிசம்பர் நடுவில் காலண்டரோடு ஒவ்வொருவரிடமும் போவேன். "அண்ணா, பழனிக்கு நடக்கிறேனுங்க, நாலு நாள் வரமாட்டேனுங்க" என்பார் ஒருவர். தைப்பூசம் 2025-இல் பிப்ரவரி 11, 2026-இல் பிப்ரவரி 1. அதனால் போன வருஷத் தேதியை நம்பக் கூடாது. பீகார்க்காரர்கள் ஹோலிக்கு ஊர் போகும் தேதியையும் குறிப்பேன். சொல்லாமல் எடுக்கும் லீவுக்குப் போன வருஷக் கணக்கையே சேர்ப்பேன்.

எல்லா லீவும் ஓ.டி. ஆவதில்லை. போன வருஷம் சிஎன்சி பிரிவில் 400 மணி லீவுக்கு 300 மணி ஓ.டி. ஓடியது, அதாவது முக்கால் பங்கு. மற்றப் பிரிவுகளில் 800 மணிக்கு 120 மட்டுமே, நூற்றுக்குப் பதினைந்து. பேக்கிங்கில் ஒருவர் இல்லாவிட்டால் மற்றவர்கள் சமாளிப்பார்கள். சிஎன்சி நின்றால் அடுத்த வேலை எல்லாம் நிற்கும்.

இந்தத் தடவை எதிர்பார்க்கும் லீவு சிஎன்சியில் 600 மணி, மற்றதில் 800. ஓ.டி.யாக முறையே 450, 120. ஆர்டர் அளவு மாறவில்லை என்பதால் 360, 120 அப்படியே. மொத்தம் 1,050 மணி. சட்டப்படி ஓ.டி.க்கு இரட்டைக் கூலி. எங்கள் சராசரி மணிக்கூலி 90 ரூபாய், இரட்டித்தால் 180. ஆக 1,89,000 ரூபாய்.

இந்தக் கணக்கு ஒரு இடத்தில் பொய்க்கும். ஒரே வாரத்தில் சிஎன்சி ஆட்கள் இரண்டு பேர் போய்விட்டால், ஓ.டி. பார்க்கவே ஆள் இருக்காது. பணம் மிச்சமாகும், சரக்கு போகாது. காலண்டரில் அப்படி இரண்டு பெயர் ஒரே வாரத்தில் விழுந்தால், டிசம்பரிலேயே அவர்களிடம் பேசித் தேதியை மாற்றுங்கள். முடியாவிட்டால் அந்த வேலையை வெளியே கொடுக்க ஏற்பாடு செய்யுங்கள்.