போட்டோவில் வந்த ரீடிங் தாள்: ஐஇஎல்டிஎஸ் எழுதுவோருக்கு

திருவனந்தபுரம் தைக்காட்டில் நோர்காவின் மொழிப் பயிற்சி நிலையம் இருக்கிறது. அங்கும் பிற மையங்களிலும் ஐஇஎல்டிஎஸ் படிக்கும் நர்ஸுகளிடையே மாதிரித் தாள்கள் போட்டோவாகவே சுற்றுகின்றன. அப்படி ஒரு தாள் வந்தால், முதலில் பத்தி எழுத்துகளும் கேள்வி எண்களும் விடாமல் வருகின்றனவா என்று பாருங்கள். பக்க மடிப்பில் ஒரு வரி மறைந்தாலும் 'ட்ரூ' என்ற விடை 'நாட் கிவன்' போலத் தெரியும்.

தும்பாவைப் பற்றிய ஒரு பத்தியை எடுத்துக்கொள்வோம். காந்த நடுக்கோடு அருகில் இருப்பதால் தும்பா தேர்வானது, அங்கிருந்த தேவாலயம் அலுவலகமானது, 1963 நவம்பர் 21-இல் அமெரிக்கத் தயாரிப்பு ராக்கெட் முதலில் பறந்தது.

'அந்த ராக்கெட் இந்தியாவில் தயாரானது' என்பது ஃபால்ஸ், பத்தி அதை நேராக மறுக்கிறது. 'மீனவர்கள் ராக்கெட்டைப் பார்க்கத் திரண்டனர்' என்பது நாட் கிவன். உங்களுக்குத் தெரிந்த ஊர்க்கதையைச் சேர்க்கவே கூடாது. ஒரு கூற்றை மறுக்கும் வரியை விரலால் தொட்டுக் காட்ட முடிந்தால் மட்டுமே ஃபால்ஸ். இந்தக் கேள்விகள் பத்தியின் வரிசையிலேயே வரும் என்பதால், முந்தைய விடைக்கும் அடுத்த விடைக்கும் இடையில் மட்டும் தேடினால் போதும்.

பத்திகளுக்குத் தலைப்பு பொருத்தும் கேள்விகளில் தலைப்புகளுக்கு வரிசை கிடையாது, அவை பத்திகளைவிடக் கூடுதலாகவும் இருக்கும். தும்பா பத்தியின் பெரும்பகுதி காந்த நடுக்கோட்டை விளக்கினால் 'இடத்தேர்வின் காரணம்' சரி. 'அலுவலகமான தேவாலயம்' ஒரே வரியைப் பிடித்து இழுக்கும் தூண்டில். இரண்டு தலைப்புகளுக்கு நடுவே தடுமாறினால் இரண்டையும் ஓரத்தில் குறித்துவிட்டு அடுத்த பத்திக்குப் போங்கள். 40 கேள்விக்கு 60 நிமிடம்தான்.