எந்தக் கடனை முதலில் அடைப்பது?

நாலைந்து கடன் உள்ள வீட்டில் கையில் கொஞ்சம் பணம் சேர்ந்ததும், இருப்பதிலேயே சின்னக் கடனை முடித்துவிடத்தான் மனம் போகும். வட்டி அதிகமான கடனை முதலில் அடையுங்கள் என்பதே என் கட்சி. ஆனால் எதற்கு வட்டி அதிகம் என்று பார்ப்பதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள்.

எல்லாக் கடன்களையும் ஒரு தாளில் எழுதுங்கள்: பாக்கி அசல், மாதத் தவணை, வட்டி. வட்டி முழுவதையும் வருடக் கணக்குக்கு மாற்றிய பிறகே ஒப்பிடுங்கள். தெரிந்தவரிடம் 'இரண்டு ரூபாய் வட்டி'க்கு வாங்கியிருந்தால் நூற்றுக்கு மாதம் 2 ரூபாய், அதாவது வருடத்துக்கு 24 சதவீதம். கிரெடிட் கார்டில் மாதம் 3.5 சதவீதம் என்று இருந்தால் வருடத்துக்கு 42. அந்த வட்டியின் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி வேறு.

ஆளை ஏமாற்றுவது வண்டிக் கடன். '12 சதவீதம் ஃப்ளாட்' என்பார்கள். நீங்கள் மாதாமாதம் அசலைக் கட்டிக் குறைத்துக்கொண்டே வந்தாலும், வட்டி மட்டும் முதல் நாள் வாங்கிய முழுத் தொகைக்கே போடப்பட்டிருக்கும். ஒன்றிலிருந்து மூன்று வருடக் கடனாக இருந்தால் ஃப்ளாட் வட்டியை 1.8ஆல் பெருக்குங்கள்; உண்மை வட்டி ஏறக்குறைய கிடைத்துவிடும். இங்கே அது 21 சதவீதத்தை ஒட்டி வரும். அண்மையில் வாங்கிய கடன் என்றால், கையெழுத்துக்கு முன் தரும் முக்கிய விவர அறிக்கையில் ஏபிஆர் என்ற எண்ணைப் பாருங்கள். கட்டணங்களையும் சேர்த்த வருட வட்டி அதுதான்.

இனி ஒரு கணக்கு. கார்டில் 80,000 ரூபாய் பாக்கி. வண்டிக் கடனில் மிச்சம் 25,000, தவணை 2,500. போனஸாக 25,000 வருகிறது. அதைக் கார்டில் கட்டினால் அடுத்த மாத வட்டியில் 875 ரூபாய் குறையும், ஜிஎஸ்டியோடு ஆயிரத்தைத் தாண்டும். வண்டிக் கடனை முடித்தால் அந்த மாதம் மிச்சமாகும் வட்டி சுமார் 440தான். விடுபட்ட 2,500 தவணையை மாதாமாதம் கார்டுக்கே திருப்பினாலும் முதல் வழிதான் லாபம்.

ஒரே ஒரு நிலையில் மாற்றிச் செய்யுங்கள். சம்பளம் தவணைகளுக்கே போதாமல் ஈஎம்ஐ பவுன்ஸ் ஆகிறது என்றால், வண்டிக் கடனை முடித்து அந்த 2,500ஐ விடுவியுங்கள். பவுன்ஸ் ஒவ்வொன்றுக்கும் அபராதம் உண்டு, கிரெடிட் ஸ்கோரும் அடிபடும். முடிக்கும் முன் ஃபோர்குளோஷர் தொகையை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்; முன்கூட்டியே முடிப்பதற்கான கட்டணம் அதில் சேர்ந்திருக்கலாம்.

வங்கி நகைக் கடன் வரிசையில் கடைசியில் நிற்கட்டும், ஆனால் கெடு தேதியை மட்டும் தவறவிடாதீர்கள். நகை ஏலத்துக்குப் போய்விடும். கார்டில் பாக்கி இருக்கும்வரை அந்தக் கார்டை வெளியே எடுக்கவும் வேண்டாம். பழைய பாக்கி நிற்கும்போது புதிதாக வாங்கும் பொருளுக்கு வட்டியில்லா நாட்கள் கிடையாது, வாங்கிய தேதியிலிருந்தே வட்டி ஓடும்.