வட்டி இல்லை, பிணை உண்டு

ஹல்துமுல்லையைச் சுற்றியுள்ள தோட்டங்களில் ஏ.எல் பெறுபேறு வந்த வாரம், பெரும்பாலான வீடுகளில் ஒரே பேச்சுத்தான். கம்பஸ் கிடைத்ததா? பல்கலைக்கழகத் தகுதி பெறுவோரில் ஏறத்தாழ நாலில் ஒருவருக்குத்தான் அரச பல்கலைக்கழகத்தில் இடம் கிடைக்கிறது. மற்றப் பிள்ளைகளுக்காக 2017இல் அரசு வட்டியில்லா மாணவர் கடன் திட்டத்தைத் தொடங்கியது. அனுமதி பெற்ற தனியார் நிறுவனங்களில் பட்டம் படிக்க அப்போது 8 இலட்சம் வரை கொடுத்தார்கள். பின்னர் தொகை கூடியது. அதைப் பற்றி லயத்தில் ஓடும் சில பேச்சுகளைப் பார்ப்போம்.

“வட்டி இல்லாத காசு, கவர்ன்மெண்டு காசு. கட்டாட்டி யாரு கேக்கப் போறா?”

வங்கி கேட்கும். வட்டியைத்தான் திறைசேரி கட்டுகிறது, முதலைப் பிள்ளைதான் கட்ட வேண்டும். 8 இலட்சத்தை 8 ஆண்டில் அடைப்பதாக வைத்தால் மாதம் 8,333 ரூபா. 2024இல் தோட்டத்துக்கு நிர்ணயித்த 1,350 ரூபா நாட்சம்பளத்தில் அது அம்மாவின் ஆறு நாள் கொழுந்துக்கும் மேல்.

ஆனாலும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 2022இல் விலைவாசி ஏறிய ஏற்றத்துக்குப் பிறகு, வட்டியில்லாத பழைய கடன் மலிவான கடன்தான். குடும்பத்தை உண்மையில் நெரிப்பது அதன் பக்கத்தில் நிற்கும் மற்றக் கடன்கள். கொழும்பில் போடிங், சாப்பாடு, பஸ் என்று போகும் காசுக்குத் தோடு அடகுக்குப் போகிறது, அம்மாவின் பேரில் குழுக்கடன் எடுக்கப்படுகிறது. அவற்றுக்கு வட்டி உண்டு. கையில் காசு வந்தால் முதலில் அடைக்க வேண்டியவை அவைதான்.

“மாமா, சும்மா ஒரு கையெழுத்துத்தான்.”

இந்தப் பொய்யால் உறவு முறிந்த வீடுகள் உண்டு. பிணைப் பத்திரத்தில் சிறிய எழுத்தில் ஒரு வாசகம் இருக்கும். கடன் வாங்கியவரிடம் முதலில் கேட்டு, அவர் சொத்தைத் தேடிப் பார்த்த பிறகே தன்னிடம் வர வேண்டும் என்று சொல்லப் பிணையாளிக்கு நம் சட்டத்தில் உரிமை இருக்கிறது. அந்த உரிமையைத்தான் அவர் அங்கே விட்டுக்கொடுக்கிறார். அதன்பின் வங்கி நேரே மாமாவிடம் வரலாம். அந்தப் பிணை மாமாவின் பெயரிலும் கிரிப் அறிக்கையில் ஏறும். நாளை அவர் ஒரு முச்சக்கரவண்டி லீசிங்குக்குப் போனால் அங்கே அது தெரியும்.

“கிரிப்ல பேரு விழுந்தா சாகும் மட்டும் லோன் இல்ல.”

கிரிப் கறுப்புப் பட்டியல் அல்ல. ஒழுங்காகக் கட்டுகிறவர் பெயரும் அதில் இருக்கும். யார் எவ்வளவு வாங்கினார், எப்படிக் கட்டினார் என்ற பதிவு மட்டுமே அது. கடன் கொடுப்பதா இல்லையா என்பதை வங்கிதான் முடிவு செய்கிறது. பயந்து ஒளிவதைவிட, சிறு கட்டணம் கட்டி நம் அறிக்கையை நாமே எடுத்துப் பார்ப்பது மேல்.

“படிச்சு முடிச்சு வேலை கிடைச்சா வீடு கட்டிரலாம், அப்புறம் கல்யாணம்.”

இங்கேதான் கணக்கு இடிக்கிறது. கொழும்பில் மாதம் 70,000 எடுக்கும் ஒரு பிள்ளையை வைத்துப் பார்ப்போம். வங்கிக்கு வங்கி விகிதம் மாறும். சம்பளத்தில் 40 வீதம் வரை தவணைக்குப் போகலாம் என்று ஒரு வங்கி வைத்தால், அது 28,000. 12 வீத வட்டியில் 15 ஆண்டுக்கு அந்தத் தவணைக்கு ஏறக்குறைய 23 இலட்சம் வீட்டுக்கடன் கிடைக்கும். படிப்புக்கடன் 8,333ஐக் கழித்தால் கிடைப்பது 16 இலட்சம் சொச்சம். வட்டியில்லாக் கடன் வீட்டில் ஏழு இலட்சத்தைக் குறைத்துவிட்டது.

சரி, 16 இலட்சமாவது கிடைக்குமா? ஈடு வைக்க உறுதி வேண்டும். லயத்துக் காம்பரா நம் பேரில் இல்லை, 1992 முதல் கம்பனிகள் குத்தகைக்கு வைத்திருக்கும் அரச காணியில் நிற்கிறது. ஏழு பேர்ச் கிடைத்தவர்களிலும் உறுதி கைக்கு வந்தால்தான் வங்கிப் படி ஏறலாம். அதோடு, இது மண்சரிவு மாவட்டம். 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்களோடு ஆட்களும் புதைந்ததை இங்கே யாரும் மறக்கவில்லை. கட்ட நினைக்கும் துண்டுக்குத் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் சிபாரிசும் வேண்டும்.

ஆகவே பிள்ளை போடிங்கிலேயே இருக்கிறது. பெண் பார்க்கப் போன இடத்தில் “வீடு?” என்று கேட்கிறார்கள். தங்கச்சி கல்யாணம் முடியட்டும், லோன் முடியட்டும் என்று வயது முப்பதைத் தாண்டுகிறது. ‘இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குக் குடும்பப் பொறுப்பு இல்லை’ என்று சொல்கிறவர்கள் அந்தப் பிள்ளையின் சம்பளத் துண்டை ஒருமுறை வாங்கிப் பார்க்கலாம்.

கையெழுத்துப் போடும் முன் பத்திரத்தைத் தமிழில் விளக்கச் சொல்லி, ஒரு பிரதி கேட்டு வாங்குங்கள். கடைசித் தவணை கட்டிய அன்றே, கடன் முடிந்தது என்ற கடிதத்தையும் மாமாவின் பிணை விடுவிப்பையும் எழுத்தில் வாங்கிக்கொண்டு வங்கியை விட்டு இறங்குங்கள்.