24 ஸ்லைடிலிருந்து கடைக்காரரின் கைக்கு

பிராடக்ட் அப்டேட் டெக் ஒன்று உங்களிடம் வருகிறது. மொத்தம் 24 ஸ்லைடு. முதலில் பிளாட்ஃபார்ம் டீம், பிறகு மொபைல், பேமெண்ட்ஸ், டேட்டா, கடைசியில் செக்யூரிட்டி. "வெள்ளிக்கிழமை ரிலீஸ், நோட்ஸ் எழுதிடுங்க" என்று கூடவே ஒரு வரி. பலரும் ஸ்லைடுகளை அதே வரிசையில் வாக்கியங்களாக்கி அனுப்பிவிடுகிறார்கள். படிப்பவருக்கோ, நாளைக் காலை தன் வேலையில் என்ன மாறும் என்பது மட்டும்தான் தெரிய வேண்டும். அதை அவர் ஐந்து தலைப்புகளுக்குள் துழாவித் தேட வேண்டியதாகிறது.

கடைகளுக்கான பில்லிங் செயலி ஒன்றின் டெக்கை எடுத்துக்கொள்வோம். எழுத உட்காருவதற்கு முன் ஒரு ஷீட்டைத் திறந்து, ஒவ்வொரு மாற்றத்தையும் ஒரு வரியில் போடுங்கள். பத்திகள் ஐந்து போதும்: யாருக்கு, இதுவரை எப்படி இருந்தது, இனி எப்படி, அவர் ஏதாவது செய்ய வேண்டுமா, எந்த டீம். கடைசிப் பத்தி உங்களுக்காக மட்டும். சந்தேகம் வந்தால் யாரைக் கேட்பது என்பதற்கும், பிறகு டீம் வாரியாக உள்சுற்றறிக்கை அனுப்புவதற்கும் அது உதவும்.

இந்த ஷீட்டை நிரப்பும்போதுதான் உண்மையான வேலை நடக்கிறது. பிளாட்ஃபார்ம் டீமின் ஸ்லைடில் மூன்று வரி இருக்கிறது என்று வையுங்கள்: சிங்க் இன்ஜின் புதிதாக எழுதப்பட்டது; கான்ஃபிளிக்ட் ரெசல்யூஷன் சேர்க்கப்பட்டது; p95 லேட்டன்சி 40% குறைந்தது. "இதுவரை எப்படி, இனி எப்படி" என்ற பத்திகளுக்கு இதில் பதில் இல்லை. எஞ்சினியரிடம் போய் உட்கார வேண்டும்.

"கான்ஃபிளிக்ட்னா என்ன, கடையில எப்போ வரும்?" என்று கேளுங்கள். அவர் சொல்வார்: ஒரே கடையில் இரண்டு போனில் பில் போடுகிறார்கள், நெட் போய்விட்டது, இரண்டு போனும் 1043 என்ற அடுத்த எண்ணையே கொடுத்துவிடும். நெட் வந்ததும் இரண்டும் மோதும். அதனால் இனி ஒவ்வொரு போனுக்கும் தனி வரிசை: ஒன்று A/1043, இன்னொன்று B/1.

இங்கே நிமிர்ந்து உட்கார வேண்டும். பில் எண்ணின் தோற்றமே மாறுகிறது. ஜிஎஸ்டி விதி 46-இன்படி இன்வாய்ஸ் எண் 16 எழுத்துகளுக்கு மிகாமல், தொடர் எண்ணாக, அந்த நிதியாண்டுக்குள் திரும்ப வராததாக இருக்க வேண்டும். ஒன்றுக்கு மேற்பட்ட வரிசைகள் வைத்துக்கொள்ளலாம். ஆக மாற்றம் சட்டப்படி சரியானதுதான். ஆனால் கடைக்காரரின் ஆடிட்டர் மாதக் கடைசியில் "நடுவுல எப்படி நம்பர் மாறிச்சு?" என்று கட்டாயம் கேட்பார். டெக்கில் இரண்டே சொற்களில் மறைந்திருந்த இந்த விஷயம்தான், குறிப்பில் தவறாமல் இடம்பெற வேண்டியது.

அந்த 40%? நூறு கோரிக்கைகளில் 95-க்கு எவ்வளவு நேரத்துக்குள் பதில் போகிறது என்பதே p95. அது சர்வரில் அளந்த கணக்கு. கடைக்காரர் பில்லைச் சேமிக்கும்போது வித்தியாசம் தெரியுமா என்று எஞ்சினியரைக் கேளுங்கள். தெரியாது என்றால் அந்த வரியை விட்டுவிடலாம்.

இப்போது மொபைல் டீமின் ஸ்லைடைப் பாருங்கள்: பில் டிராஃப்டுகள் போனிலேயே சேமிக்கப்படும் என்கிறது. இதுவும் பிளாட்ஃபார்மின் சிங்க்கும் கடைக்காரருக்கு ஒரே விஷயம்தான்: நெட் போனாலும் பில் போடலாம். இரண்டு டீம், ஒரே பலன், ஒரே தலைப்பு. அதேபோல் பேமெண்ட்ஸ் டீம், தொகை ஏற்கெனவே பதிந்த யூபிஐ கியூஆரைப் பில்லிலேயே கொடுக்கிறது. டேட்டா டீம், அன்றைய கணக்கு ரிப்போர்ட்டை மறுநாள் காலைக்குப் பதில் அன்று இரவே தருகிறது. இரண்டும் சேர்ந்தால், எந்த பில்லுக்குப் பணம் வந்தது என்பதைக் கடையை மூடும் முன் பார்த்துவிடலாம்.

தலைப்பு சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க எளிய வழி உண்டு. அதைக் கடைக்காரர் தன் மனைவியிடமோ பங்காளியிடமோ அப்படியே சொல்வாரா? "நெட் போனாலும் பில் போடலாமாம்" என்று சொல்வார். "செயல்திறன் மேம்பாடுகள்" என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அப்படி ஒரு தலைப்பு வந்தால், பலன் புரியாத வரிகள் அதற்குள் குவிந்திருக்கின்றன என்று பொருள்.

பலனுடன் எல்லையையும் அதே இடத்தில் சொல்லுங்கள். நெட் இல்லாதபோது பில் போடலாம், ஆனால் யூபிஐ பணம் வந்ததா என்பது செயலியில் தெரியாது. இதைச் சொல்லாமல் விட்டால், செயலியை நம்பிச் சரக்கைக் கொடுத்துவிட்டுப் பணத்தை இழப்பவர் அந்தக் கடைக்காரர்தான்.

எல்லா மாற்றமும் பலன் ஆகாது. ஊழியர்களின் பின் நம்பர் 4 இலக்கத்திலிருந்து 6 ஆகிறது. ஆண்ட்ராய்டு 7 போன்களுக்கு இனி அப்டேட் கிடையாது. இவற்றை "கூடுதல் பாதுகாப்பு" என்ற தலைப்பில் ஒளித்து வைப்பதை நான் நேர்மையாகக் கருதவில்லை. "நீங்கள் செய்ய வேண்டியவை" என்று தனியாகப் பிரித்து, குறிப்பின் உச்சியில், தேதியுடன் போடுங்கள். காரணம் ஒரு வரி போதும். பில் எண் மாறுவதும் ஆடிட்டருக்குச் சொல்ல வேண்டிய செய்தியாக இங்கேயே வரட்டும்.

டெக்கில் இருப்பதெல்லாம் வெள்ளிக்கிழமை எல்லோருக்கும் கிடைத்துவிடும் என்றும் நம்பக் கூடாது. கியூஆர் வசதியை முதலில் 10% கடைகளுக்கு மட்டும் திறக்கப்போகிறார்கள் என்பது ஸ்லைடில் இருக்காது. ஒவ்வொரு வரிக்கும் "எல்லோருக்குமா, என்றைக்கு?" என்று கேட்டுவிட்டு, சிலருக்கு மட்டும் என்றால் "படிப்படியாக வரும்" என்று எழுதுங்கள். இல்லையென்றால் மீதி 90% பேர் அந்தப் பட்டனைத் தேடுவார்கள்.

முழுக் குறிப்பு உதவிப் பக்கத்துக்குப் போகும். கூகுள் பிளேயில் ஒரு மொழிக்கு 500 எழுத்துதான். தமிழில் இது இன்னும் குறுகும், ஏனென்றால் கணக்கு யூனிகோடு முறையில். "நீங்கள்" என்பது கண்ணுக்கு நான்கு எழுத்து. துணைக்குறியும் புள்ளிகளும் தனித்தனியாக எண்ணப்படுவதால் 7 ஆகிவிடும். எனவே செய்ய வேண்டியதும் பெரிய பலன்களும் மட்டும்:

```
<ta-IN>
செய்ய வேண்டியது: ஊழியர் பின் நம்பரை 6 இலக்கமாக மாற்றுங்கள்.
நெட் போனாலும் பில் போடலாம். பில் எண் இனி A/1043 போல் இருக்கும்; ஆடிட்டரிடம் சொல்லிவிடுங்கள்.
அன்றைய கணக்கு அன்று இரவே கிடைக்கும்.
</ta-IN>
```

ஏபிஐ பயன்படுத்தும் டெவலப்பர்களுக்கு இந்தப் பிரிப்பு உதவாது. எந்த எண்ட்பாயின்ட் மாறியது, எது நீக்கப்பட்டது என்பதே அவர்களுக்கு வேண்டும். அவர்களுக்குத் தனிக் குறிப்பு எழுதுங்கள்.

வெளியிடும் முன் ஒவ்வொரு வரியையும் அந்தந்த டீமுக்கு அனுப்பி "இது உண்மையா?" என்று மட்டும் கேளுங்கள். நடையைத் திருத்தச் சொன்னால் பழைய ஸ்லைடு மொழி திரும்பி வந்துவிடும். சப்போர்ட்டில் போன் எடுப்பவர் ஒருவரையும் படிக்கச் சொல்லுங்கள். ரிலீஸ் ஆன முதல் வாரம் வரும் டிக்கெட்டுகளில் "பில் நம்பர் ஏன் மாறிச்சு?" என்ற கேள்வி திரும்பத் திரும்ப வந்தால், அந்த வரியை உதவிப் பக்கத்தில் இன்னும் மேலே ஏற்றுங்கள்.