இடைச்சொல் எண்ணிக்கையை வைத்துத் தீர்ப்பு எழுதாதீர்கள்

பாளையங்கோட்டையிலும் நெல்லையிலும் ஆசிரியர்கள் கூடும் இடங்களில் ஒரு பேச்சு திரும்பத் திரும்பக் காதில் விழுகிறது. "பிள்ளை வகுப்பில் எழுதிய தாளையும் வீட்டிலிருந்து கொண்டுவந்த கட்டுரையையும் பக்கத்தில் வையுங்கள். ஆனால், என்று, மற்றும், தான், கூட, இப்படிச் சின்னச் சொற்களை எண்ணுங்கள். எண்ணிக்கை ஒத்துவராவிட்டால் கட்டுரை அந்தப் பிள்ளை எழுதியதில்லை. இது கைரேகை மாதிரி, தப்பவே தப்பாது." கட்டுரைப் போட்டிக் காலம் வந்தால் இந்தப் பேச்சு இன்னும் சூடுபிடிக்கும். பரிசுப் பட்டியலில் ஒரு பெயரை அடிக்க இதையே ஆதாரமாகக் காட்டுவதையும் பார்த்துவிட்டேன். சொல் எண்ணுவதுதான் என் துறை. அதனால் சொல்கிறேன்: இது தவறு, பிள்ளைகளைக் காயப்படுத்தும் தவறு.

நம்பிக்கை: இடைச்சொல் வீதம் ஒருவரின் கைரேகை.

இந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்று தெரியும். அமெரிக்க அரசியலமைப்பை ஆதரித்துப் புனைபெயரில் வெளிவந்த கட்டுரைகளில் 12 கட்டுரைகள் ஹாமில்டன் எழுதியவையா, மேடிசன் எழுதியவையா என்ற வழக்கு நெடுங்காலம் இருந்தது. மாஸ்டெல்லர், வாலஸ் என்ற இரு புள்ளியியலாளர்கள் 1964-இல் வெளியிட்ட நூலில் அவை மேடிசன் எழுதியவை என்று காட்டினார்கள். அவர்களுக்குப் பெரிதும் கைகொடுத்தது 'அப்பான்' என்ற சின்ன ஆங்கிலச் சொல். ஹாமில்டன் அதை ஆயிரம் சொல்லுக்கு மூன்று தடவை எழுதுவார். மேடிசனிடம் நாலாயிரம் சொல்லுக்கு ஒரு தடவை வந்தாலே அதிகம்.

தமிழிலும் இப்படி ஒரு வேலை நடந்திருக்கிறது. 'இந்தியா' பத்திரிகையில் பெயர் இல்லாமல் வந்த கட்டுரைகள் யாருடையவை என்று பார்க்க, பகவன்தாஸ், மணிமன்னன் என்ற ஆய்வாளர்கள் பாரதி, சுப்பிரமணிய ஐயர், திரு.வி.க. மூவரின் நடைக்கூறுகளைப் புள்ளியியல் வழியில் ஒப்பிட்டார்கள். பாரதி பள்ளிப் பிள்ளையாகப் படித்தது நம் ஊர் இந்துக் கல்லூரிப் பள்ளியில்தான் என்பதால் நெல்லைக்காரர்களுக்கு இதில் தனி அக்கறை உண்டு.

ஆனால் அந்த அமெரிக்க ஆய்வுக்கு என்னென்ன கையில் இருந்தன என்று பாருங்கள். ஹாமில்டன் எழுதியவை, மேடிசன் எழுதியவை என்று ஐயமில்லாமல் தெரிந்த எழுத்து, ஆளுக்கு ஏறத்தாழ ஒரு லட்சம் சொல். இருவருமே கைதேர்ந்து நடை நிலைத்தவர்கள். ஒரே காலம், ஒரே வகை எழுத்து. எல்லாவற்றுக்கும் மேலாக, கேள்வி 'இவரா, அவரா' என்பது. பள்ளியில் கேள்வி அதுவல்ல. 'இந்தப் பிள்ளையா, அல்லது யாரோ ஒருவரா?' என்று கேட்கிறோம். அந்த யாரோ அக்காவாக இருக்கலாம், டியூஷன் சாராக இருக்கலாம், நூலகத்துப் புத்தகமாக இருக்கலாம். அவர்களுடைய எழுத்து நம் கையில் இல்லை. ஒரு பக்கம் மட்டும் இருக்கும்போது ஒப்பீடு பாதிதான் நடக்கிறது.

அளவு என்ன என்பதும் கேள்வி. போலந்து ஆய்வாளர் மாசெய் எடர் பல மொழிகளில் சோதித்து 2015-இல் சொன்னது, நம்பத் தகுந்த முடிவுக்கு ஏறத்தாழ 5000 சொல் வேண்டும் என்று. சில எழுத்தாளர்கள் 2000 சொல்லிலேயே பிடிபடுகிறார்கள் என்று பின்னர் அவரே சொன்னார். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை வகுப்பில் எழுதும் கட்டுரை 250 சொல்லைத் தாண்டினால் பெரிய விஷயம்.

கணக்குப் போட்டே பார்க்கலாம். எடுத்துக்காட்டுக்கு ஒரு மாணவியை வைத்துக்கொள்வோம். வகுப்பில் மூன்று எழுத்து: ஒரு கதை, தோழிக்கு ஆனித் தேரோட்டம் பற்றிய கடிதம், மரம் வளர்ப்பு பற்றிய கட்டுரை. ஒவ்வொன்றும் 250 சொல், மொத்தம் 750. வீட்டில் எழுதியது தாமிரபரணி பற்றிய போட்டிக் கட்டுரை, 900 சொல்.

முதலில் 'என்று'. கதையில் 6, கடிதத்தில் 4, மரக் கட்டுரையில் 1. ஆயிரம் சொல்லுக்கு மாற்றினால் 24, 16, 4. ஒரே பிள்ளை, ஒரே வகுப்பறை, ஆறு மடங்கு வித்தியாசம். காரணம் எளியது. கதையில் பாட்டி சொல்வாள், அண்ணன் கேட்பான், ஒவ்வொரு பேச்சுக்கும் ஒரு 'என்று' வரும். மரம் பேசாது. வீட்டுக் கட்டுரையில் 'என்று' 10, அதாவது ஆயிரத்துக்கு 11. பாட்டி வரும் கதையோடு மட்டும் ஒப்பிடும் ஆசிரியர் "பாதிக்கும் கீழே போய்விட்டது, வேறு ஆள்" என்பார். மூன்றையும் வைத்துப் பார்ப்பவருக்கு அது அவளுடைய எல்லைக்குள்ளேயே இருக்கிறது. வகுப்புத் தாள்கள் ஒன்றோடொன்று எவ்வளவு மாறுபடுகின்றன என்று பார்க்காமல் வீட்டுக் கட்டுரையைத் தொடவே கூடாது. இந்த முதல் படியைத்தான் எல்லோரும் தாண்டிப் போகிறார்கள்.

அடுத்தது 'மற்றும்'. வகுப்பில் ஒன்றுகூட இல்லை. 'அப்பாவும் அம்மாவும்' என்று நல்ல தமிழில் எழுதும் பிள்ளை. வீட்டுக் கட்டுரையில் 8. இரண்டு இடத்திலும் வீதம் ஒன்றுதான் என்று வைத்துக்கொண்டால், எட்டும் தற்செயலாக வீட்டுக் கட்டுரையிலேயே விழ நூற்றில் ஒரு வாய்ப்புக்கூட இல்லை. சரி, இது உண்மையான வித்தியாசம். ஆனால் எதன் வித்தியாசம்? கட்டுரையைத் திறந்து பாருங்கள். கோடைமேலழகியான் தொடங்கி மருதூர் மற்றும் ஸ்ரீவைகுண்டம் வரை எட்டு அணைக்கட்டுகளின் பெயர்களும், கரையோர ஊர்ப் பெயர்களும் வரும் இரண்டு பத்தியில், 200 சொல்லுக்குள், ஐந்து 'மற்றும்' கிடக்கின்றன. தகவல் பலகையும் பாடநூலும் பட்டியலை அப்படித்தான் முடிக்கின்றன. பட்டியலோடு அந்தச் சொல்லும் பிள்ளையின் தாளுக்கு வந்துவிட்டது. அந்த இரண்டு பத்தியை விலக்கினால் மிச்சம் 700 சொல்லில் மூன்று. அது ஒன்பதில் ஒரு தடவை தற்செயலாகவே நடக்கக்கூடியது. இதை வைத்து யாரைக் குற்றம் சொல்வது?

இப்படி இருபது சொல்லைச் சோதித்து, இருபதில் ஒரு தடவை தற்செயலாக வரும் வித்தியாசத்தையே குற்றம் என்று எடுத்தால், தவறே செய்யாத பிள்ளையும் குறைந்தது ஒரு சொல்லில் மாட்ட 64 விழுக்காடு வாய்ப்பு உண்டு. மாட்டிய ஒரு சொல்லை மட்டும் தலைமையாசிரியரிடம் காட்டுகிறார்கள். மாட்டாத பத்தொன்பதைப் பற்றிப் பேச்சே இல்லை.

எண்ணுவதிலும் கோளாறு. ஆங்கிலத்தில் இந்தச் சொற்கள் இடைவெளி விட்டுத் தனியாக நிற்கும். நம் மொழியில் பாதி ஒட்டிக்கொண்டு வரும். கணினியில் 'தான்' என்று தேடினால் 'அவன்தான்' மட்டுமா கிடைக்கும்? 'வந்தான்', 'எடுத்தான்', 'பார்த்தான்' எல்லாம் வரிசையில் வந்து நிற்கும். உம்மையைத் தேடினால் 'வேண்டும்', 'ஓடும்', 'மீண்டும்', 'பெரும்' அத்தனையும் கணக்கில் ஏறும். பதின்ம வயதுப் பிள்ளையின் கதையில் 'வந்தான்' அதிகம், கட்டுரையில் குறைவு. அதை 'தான்' குறைந்துவிட்டதாகப் படிப்பவரை என்ன சொல்வது? ஒவ்வொன்றையும் கண்ணால் பார்த்துப் பிரிக்க வேண்டும். பொறுமை இல்லாதவர்கள் இந்த வேலைக்கு வரக்கூடாது.

நம்பிக்கை: வகுப்பில் எழுதியது என்றால் அது பிள்ளையின் சொந்த நடை.

நம் பள்ளிகளை அறிந்த யாரும் இதைச் சொல்லக்கூடாது. முன்னுரை, பொருளுரை, முடிவுரை என்று குறிப்புச்சட்டம் போட்டு நோட்ஸில் இருப்பதை மனப்பாடம் செய்ய வைப்பது நாம்தான். தேர்வுத் தாளில் பிள்ளை கொட்டுவது நோட்ஸ் எழுதியவரின் நடை. அதை அளவுகோலாக வைத்து, ஒருமுறை சொந்தமாக எழுதிக்கொண்டு வந்தவளை "இது உன் நடை இல்லை" என்பது அநியாயம். உண்மையில் அவளுடைய நடை அந்த வீட்டுக் கட்டுரையில்தான் முதன்முதலாக வெளிப்பட்டிருக்கலாம்.

நம்பிக்கை: எண்ணிக்கை ஒத்துப்போனால் சொந்த எழுத்து. இல்லை. பிறர் கட்டுரையைப் பார்த்துத் தன் வாக்கியத்தில் திருப்பி எழுதினாலும் ஒத்துப்போகும். நீளமான வாக்கியம் வந்தால் வேறு ஆள் என்பார்கள். நாற்பது நிமிடத்தில் எழுதுவதும் நாலு நாள் உட்கார்ந்து எழுதுவதும் ஒன்றாக இராது. சந்திப்பிழை இல்லாவிட்டால் நகல் என்பார்கள். வீட்டில் யாரோ ஒருவர் ஒற்றுப்பிழை பார்த்திருப்பார், அவ்வளவுதான். 'ஏலே', 'அங்கன' என்று பேசுகிற பிள்ளைக்குச் செந்தமிழ் வராது என்பார்கள். இதைச் சொல்பவர் வகுப்பறைக்கே வரக்கூடாது.

இந்த ஒப்பீட்டால் பயனே இல்லையா என்றால், உண்டு. ஒரே வகை எழுத்தையே ஒப்பிடுங்கள். கட்டுரைக்குக் கட்டுரை, கடிதத்துக்குக் கடிதம். தாளில் உள்ளதைப் பிழை திருத்தாமல் அப்படியே தட்டச்சு செய்யுங்கள். பத்துப் பன்னிரண்டு சொல்லை முன்கூட்டியே தீர்மானித்து எழுதி வைத்துவிட்டு எண்ணுங்கள். பிறகு, வகுப்பில் உள்ள மற்றப் பிள்ளைகளின் வகுப்புத் தாள்களையும் அதே தலைப்பில் அவர்கள் எழுதிய வீட்டுக் கட்டுரைகளையும் அதேபோல எண்ணுங்கள். நாற்பது பேருக்கும் 'மற்றும்' கூடியிருந்தால் அது தலைப்பின் வேலை. இவள் ஒருத்தி மட்டும், பல சொல்லில், எல்லோரையும் விட்டு விலகி நின்றால் அவளைக் கூப்பிட்டுப் பேச ஒரு காரணம் கிடைத்திருக்கிறது. அதற்கு மேல் அதற்கு வலு இல்லை.

பேசும்போது குற்றவாளியாக நிறுத்தாதீர்கள். "நதியுண்ணி அணைக்கட்டைப் பற்றி எங்கே படித்தாய்? இந்தப் பத்தியை ஏன் முதலில் வைத்தாய்? முதலில் எழுதிப் பார்த்த தாள் இருக்கிறதா?" என்று கேளுங்கள். அதே பொருளில் ஒரு பத்தி உங்கள் முன்னால் எழுதச் சொல்லுங்கள். எழுதியவள் என்றால் அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும்.

தமிழாசிரியர்களிடம் ஒன்று கேட்கிறேன். வாரத்துக்கு ஒரு பாடவேளை ஒதுக்குங்கள். நோட்ஸ் இல்லாமல், மதிப்பெண் இல்லாமல், பிள்ளைகள் தங்களுக்குத் தெரிந்ததை ஒரு பக்கம் எழுதட்டும். தேதி போட்டு அந்த நோட்டைப் பள்ளியிலேயே பத்திரப்படுத்துங்கள், ஆண்டு முடிந்ததும் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். வாரம் 150 சொல் என்றாலும் ஒரு கல்வியாண்டில் 5000 சொல் சேர்ந்துவிடும். அந்த நோட்டு கையில் இல்லாத ஆசிரியர் எந்தப் பிள்ளையின் கட்டுரையையும் நடையைக் காட்டி நிராகரிக்க வேண்டாம்.